நேரலையில் கடை திறப்பவர் எழுதிவைக்க வேண்டிய ஐந்து நிமிடம்

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த நேரத்தில் பேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஏதாவதொரு சேலைக்கடையின் நேரலை ஓடிக்கொண்டிருக்கும். கடைக்கார அக்கா ஒவ்வொரு சேலையாக விரிப்பார், முந்தியைக் காட்டுவார், நம்பரையும் விலையையும் சொல்வார். பார்ப்பவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். "இருக்கும்மா" என்று பதில் வந்ததும் பணத்தைப் போட்டுவிட்டு முகவரியைத் தட்டி அனுப்புவார்கள். எத்தனையோ சிறு கடைகள் இந்த வழியில்தான் ஊர் தாண்டி விற்கப் பழகின.

இந்த வழி ஓர் அளவுக்கு மேல் தாங்காது. கைத்தறியில் ஒரு நிறச் சேர்க்கைக்கு ஒரே சேலை இருப்பது சாதாரணம். அதே சேலைக்கு ஐந்து பேரிடமிருந்து ஸ்க்ரீன்ஷாட் வரும். முதலில் கேட்டவர் யார், பணம் கட்டியவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் இரண்டு பேர் பணம் போட்டிருப்பார்கள். ஒருவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், கூடவே மன்னிப்பும் கேட்க வேண்டும். நேரலை ஒரு மணி நேரம் என்றால் அதற்குப் பதில் சொல்வது நடுராத்திரி வரை போகும். அதனால்தான் கடைக்காரர்கள் சொந்தமாக இணையக் கடை தொடங்குகிறார்கள். அதை அறிவிக்கவும் தங்களுக்குப் பழகிய நேரலையையே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியொரு முதல் நேரலைக்குப் பேச்சை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கட்டமும் பட்டையும் அகலக் கரையுமாக, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில் இருக்கும். நடத்துபவர் ஒரு பெண், வாடிக்கையாளர்களுக்கு அவர் 'அக்கா'. புதுக் கடைக்காகப் படம் எடுத்து ஏற்றியிருப்பது 30 சேலைகள்.

அவர் செய்யக்கூடிய முதல் பிழை, சேலையைப் பற்றி எழுதிவைத்துக்கொண்டு பேசுவது. அதற்கு எழுத்து வேண்டாம். நூலின் கனமும் தறிக்காரரின் கையும் அவருக்குத் தெரியும், சேலையைக் கையில் எடுத்தால் பேச்சு தானாக வரும். எழுதாமல் விட்டால் கெட்டுப்போவது, ஆர்டர் போடும் முறையைச் சொல்லும் பகுதிதான். பெரும்பாலான தொடக்க நேரலைகளில் ஐம்பது நிமிடம் சேலை காட்டிவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் "லிங்க் கீழே இருக்கு, உள்ள போய் ஆர்டர் போட்டுக்கோங்க" என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். மீதிப் பேர் வழக்கம்போல வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். கடை திறந்த அன்றே பழைய வழிக்குத் திரும்பியாகிவிட்டது.

இங்கே ஓர் உண்மையைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். வாங்க நினைப்பவர் நேரலையை விட்டு வெளியே போனால்தான் வாங்க முடியும். நேரலையிலேயே பொருளை இணைத்து விற்கும் வசதியை பேஸ்புக் 2022 அக்டோபர் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்ஸ்டாகிராமும் 2023 மார்ச்சில் எடுத்துவிட்டது. ஆகவே சிறு கடையின் பார்வையாளர் வீடியோவை மூடி, லிங்க்கைத் தொட்டு, வேறொரு பக்கத்தில் தனியாகத் தடுமாற வேண்டியிருக்கிறது. அக்காவின் குரல் அங்கே கேட்காது. அந்தத் தனிமையில் அவர் கை தயங்கும் இடங்கள் எவையெவை என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அவர் வெளியே போவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுத்துவிட வேண்டும். எழுதிவைக்க வேண்டிய ஐந்து நிமிடம் அதுதான்.

அந்த இடங்களைக் கண்டுபிடிக்க, நேரலைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் உண்மையாகவே ஓர் ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். வடிவமைத்துக் கொடுத்த தம்பியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்து, பேஸ்புக்கில் போட்ட லிங்க்கைத் தொட்டு உள்ளே போக வேண்டும். அப்போது முதல் சிக்கல் தெரிந்துவிடும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்க்குகள் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கின்றன. சேலை தெரியும், முகவரியும் போடலாம். பணம் கட்டும் இடத்தில் கூகுள் பே, போன்பே என்று தொட்டால் சில போன்களில் ஒன்றும் திறக்காமல் நின்றுவிடும். வாடிக்கையாளர் இதைக் கடையின் கோளாறு என்று நினைத்துத் திரும்பிவிடுவார். மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, குரோம் போன்ற வெளி பிரவுசரில் திறந்துகொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது பேச்சில் இடம்பெற வேண்டிய முதல் வாக்கியம்.

இரண்டாவது, நம்பர். நேரலையில் அக்கா "பதினாலாம் நம்பர்" என்று சொல்வார், இணையக் கடையிலோ அதே சேலைக்கு 'அரக்குக் கட்டம் மஞ்சள் கரை' என்று பெயர் இருக்கும். பார்த்தவருக்கு எது எது என்று புரியாது. சேலையில் குத்திய அட்டையில் பெரிதாக K14 என்று எழுதியிருந்தால், கடைப் பக்கத்திலும் பெயரின் தொடக்கத்தில் அதே K14 இருக்க வேண்டும். தேடும் பெட்டியில் அந்த மூன்று எழுத்தைத் தட்டினால் அந்த ஒரு சேலை மட்டும் வர வேண்டும்.

இனி, அந்த ஐந்து நிமிடம். யாரை வைத்து ஆர்டர் போட்டுக் காட்டுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. போனில் விரல் பறக்கும் கல்லூரிப் பிள்ளை வேண்டாம். அவர் வேகத்தில் பார்ப்பவருக்கு எதுவும் நிற்காது. வாட்ஸப் மட்டும் பழகிய சித்தி ஒருவரை உட்கார வைக்கலாம். அவர் தயங்கிக் கேட்பதைத்தான் வீடியோவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் கேட்க நினைப்பார்கள். போன் திரையை அப்படியே பகிர்வதைவிட, போனை மேசையில் வைத்து மேலிருந்து இன்னொரு போனால் படம் பிடிப்பது நல்லது. விரல் எங்கே தொடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்புகள் எதுவும் மேலே வந்து விழாதபடி நிறுத்திவைக்க வேண்டும். போடும் முகவரியும் போன் நம்பரும் கடையுடையதாகவே இருக்கட்டும், ஏனென்றால் வீடியோ பிறகும் இணையத்தில் இருக்கும்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்.

அக்கா: "வாங்க, இப்ப வந்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். இன்னையிலேருந்து நம்ம கடையில நீங்களே ஆர்டர் போட்டுக்கலாம். எங்க சித்தி இதுவரைக்கும் போட்டதே இல்ல. இப்ப உங்க முன்னாடி போடப் போறாங்க. சித்தி, எந்தச் சேலை வேணும்?"

சித்தி: "அந்த அரக்குல மஞ்சக் கரை போட்டது."

அக்கா: "நம்பர் பாருங்க, K14. கீழ முதல் கமெண்ட்ல நம்ம கடை லிங்க் இருக்கு, தொடுங்க. திறந்துச்சா? மேல மூணு புள்ளி தெரியுதுல்ல, அதைத் தொட்டு குரோம்ல திறந்துக்கங்க. பணம் கட்டுறப்ப மக்கர் பண்ணாது. இப்ப தேடுற இடத்துல K14னு அடிங்க."

சித்தி: "வந்துருச்சு ஆத்தா. ஆயிரத்து இருநூத்தம்பதுன்னு போட்டிருக்கு."

அக்கா: "அதான் சேலை விலை. கொரியர் எண்பது ரூபா. ஆக மொத்தம் ஆயிரத்து முந்நூத்து முப்பது. இதுக்கு மேல ஒரு பைசா ஏறாது. கீழ Add to cart தொடுங்க."

சித்தி: "தொட்டாச்சு. சேலை எனக்குத்தானே இனிமே?"

அக்கா: "இன்னும் இல்ல சித்தி. இதை எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. கூடையில போட்டா சேலை உங்களுக்காக எடுத்து வச்ச மாதிரி ஆகாது. பணம் கட்டி, ஆர்டர் நம்பர் வந்தாத்தான் அது உங்க சேலை. அதுக்குள்ள வேறொருத்தங்க கட்டிட்டா அவங்களுக்குப் போயிரும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இணையக் கடை மென்பொருள்கள் பொதுவாகக் கூடையில் போட்டதற்காகச் சரக்கைப் பிடித்து வைப்பதில்லை. ஷாப்பிஃபையிலும் வூகாமர்ஸிலும் நடைமுறை இதுதான். வூகாமர்ஸில் ஆர்டர் பதிவாகிப் பணம் வராமல் இருந்தால், அமைப்பை மாற்றாதவரை 60 நிமிடம் அந்தச் சரக்கைப் பிடித்து வைக்கும். ஒரே ஒரு சேலை இருக்கும் கடையில் அது நீண்ட நேரம். பணம் கட்டாமல் விட்டுப் போன ஒருவருக்காக, நேரலை முழுக்க அந்தச் சேலை 'தீர்ந்தது' என்று காட்டிக்கொண்டிருக்கும். நேரலை நாளுக்கு மட்டும் அதை 15 நிமிடமாகக் குறைத்துவைக்கலாம். இவற்றை வாடிக்கையாளரிடம் விளக்க வேண்டியதில்லை. மேலே உள்ள ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால், கூடையில் போட்டுவிட்டு மீதிச் சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி வரும்போது அது இருக்காது. அவர் மனத்தாங்கலுடன் போவார்.

அக்கா: "இப்ப Checkout. பேரு, போன் நம்பர், முகவரி. கதவு நம்பர், தெரு, ஊர், பின்கோடு. பின்கோடு தப்பா இருந்தா பார்சல் வேற ஊர் சுத்தும், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கங்க. பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது இருந்தா அதையும் எழுதுங்க."

சித்தி: "பணம் இங்கேயே கட்டணுமா?"

அக்கா: "ஆமா, யூபிஐன்னு இருக்கு பாருங்க. தொட்டா உங்க போன்ல இருக்கிற செயலி திறக்கும். எங்க கடை பேரும், ஆயிரத்து முந்நூத்து முப்பதும் தெரியுதான்னு பாருங்க. பேரு சரியா இருந்தா மட்டும் பின் போடுங்க. சித்தி, இப்ப போனைக் கையில எடுத்துத் திருப்பிக்கங்க. பின் நம்பர் போடுறதை யாருக்கும் காட்டக் கூடாது, எனக்கும் காட்டாதீங்க."

போனைத் திருப்பும் அசைவையும் பேச்சில் எழுதியே வைக்க வேண்டும். மேலிருந்து படம் பிடிக்கும்போது பின் எண்ணும் தெரிந்துவிடும். திரையைப் பகிர்ந்து காட்டுபவருக்கு வேறு விதமான சங்கடம். பல யூபிஐ செயலிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் பக்கத்தைப் பகிர விடுவதில்லை, பார்ப்பவர்களுக்குத் திரை கறுத்துவிடும். முன்கூட்டித் தெரியாதவர் அங்கே பதறிப் பேச்சைத் தொலைப்பார்.

சித்தி: "ஆர்டர் நம்பர்னு ஒண்ணு வந்திருக்கு."

அக்கா: "அதான் ரசீது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. சேலையை எடுக்க வேண்டாம், இதை எடுங்க. மூணு வேலை நாளுக்குள்ள பார்சல் கிளம்பும், கிளம்பினதும் உங்க போனுக்குச் செய்தி வரும்."

பணம் கழிந்தும் ஆர்டர் எண் வராமல் போவது எப்போதாவது நடக்கும். அதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: "பணம் போயிருச்சு, நம்பர் வரலைன்னா மறுபடியும் கட்டாதீங்க. எங்களுக்குப் போன் பண்ணுங்க. எங்களுக்கு வந்திருந்தா நாங்களே ஆர்டர் போட்டுத் தர்றோம். வரலைன்னா உங்க பேங்க்குக்குத் திரும்பிரும்." இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, கடைக்கு யூபிஐயில் கட்டிய பணம் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

எழுதிய பேச்சு நேரலையில் தடுமாறுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அக்கா பேசுவது பார்ப்பவருக்குப் பல விநாடி தாமதித்தே போய்ச் சேரும், அவர் கமெண்ட் எழுதி வர இன்னும் நேரம் ஆகும். "திறந்துச்சா, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அடுத்த நொடியே "யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்றால் தவறு. கேள்வி கேட்ட இடங்களிலெல்லாம் அரை நிமிடம் பேசுவதற்கு வேறொன்றை எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்தச் சேலையைத் துவைக்கும் முறை, கஞ்சி போடுவது, சாயம் பிடித்திருக்க முதல் அலசலைத் தனியாகச் செய்வது என்று சொல்லிவிட்டு, பிறகு கமெண்ட்டுக்கு வந்தால் பதில்கள் காத்திருக்கும்.

ஐந்து நிமிடப் பகுதி நேரலையில் இரண்டு முறை வர வேண்டும். தொடங்கி இரண்டு சேலை காட்டியதும் ஒரு முறை, பிந்தி வருபவர்களுக்காகப் பாதிக்கு மேல் இன்னொரு முறை. முதல் முறை முடிந்ததும் வெளியே போக அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும்: "இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் புதுச் சேலை எதுவும் எடுக்க மாட்டேன். வேணுங்கிறவங்க போய் ஆர்டர் போட்டுட்டு வாங்க." அடுத்த சேலையைத் தவறவிடுவோமோ என்ற பயம்தான் பலரை நேரலையிலேயே பிடித்துவைத்து, ஆர்டர் போடவிடாமல் செய்கிறது. இந்த வாக்குறுதியைக் கொடுத்தவர் கட்டாயம் காப்பாற்ற வேண்டும்.

அந்த நேரத்தில் கமெண்ட்டுகளை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடையின் பெயரையும் படத்தையும் போட்ட போலிக் கணக்குகள் வந்து, "புக்கிங்குக்கு இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று எழுதிப் பணம் பறிக்கும். அவற்றை வந்த உடனே நீக்க வேண்டும். அக்காவும் இடையிடையே சொல்ல வேண்டும்: "கமெண்ட்ல யார் நம்பர் கொடுத்தாலும் அது நாங்க இல்ல. நாங்க ஓடிபி கேக்க மாட்டோம், பின் கேக்க மாட்டோம்." அன்றைக்கு 'புக்டு' என்று கமெண்ட் போடுபவர்களுக்காகச் சேலையை எடுத்து வைக்கவும் கூடாது. நெருங்கிய வாடிக்கையாளர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் அதே வழிக்கு வருவார்கள், ஒரே சேலை இரண்டு பேருக்குப் போகும் பழைய தொல்லையும் திரும்பும்.

பல கடைகள் பழக்கத்தில் சொல்லும் "ரிட்டர்ன் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது" என்ற வரியை எழுத்திலேயே அடித்துவிட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. சொன்ன நாளுக்குப் பிந்தி வந்ததற்கும் இது பொருந்தும். அந்த வரிக்குப் பதிலாக நிறத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லலாம். போன் கேமரா அரக்கைச் சிவப்பாகவும் கடுகு மஞ்சளை எலுமிச்சையாகவும் காட்டக்கூடும். டியூப்லைட்டின் கீழ் ஒரு முறை, வாசல் வெளிச்சத்தில் ஒரு முறை, ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துச் சேலையைக் காட்டினால் பார்ப்பவருக்கே கண்ணில் பிடிபடும். "வெளி மாநிலத்துக்கும் அனுப்புவோம்" என்ற வரியை எழுதுவதற்கு முன்பு ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாநிலம் தாண்டி விற்பதற்கு விதிகள் வேறு.

நேரலை முடிந்த மறுநாள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, வந்தவர்கள் எந்தப் படியில் நின்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இணையக் கடையின் கணக்குப் பக்கத்தில் அது தெரியும். லிங்க்கையே பலர் தொடவில்லை என்றால், சொன்ன நேரமோ லிங்க் இருந்த இடமோ சரியில்லை. உள்ளே வந்தும் சேலையைக் கூடையில் போடவில்லை என்றால், நம்பர் வைத்துத் தேடுவதில் குழப்பம் இருக்கிறது. முகவரிப் பக்கத்தில் நின்றிருந்தால், அங்கே வேண்டாத கேள்விகள் அதிகம், அல்லது கொரியர் தொகையை முன்பே சொல்லவில்லை. பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தால், பெரும்பாலும் அந்த மூன்று புள்ளி வாக்கியம் அவர்கள் காதில் விழவில்லை. எந்தப் படியில் நின்றார்களோ அதற்கான வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் நேரலைக்கு வாருங்கள். சித்தி ஆர்டர் போட்ட அந்த ஐந்து நிமிடத்தைத் தனியாக வெட்டி உங்கள் பக்கத்தின் முகப்பில் போட்டுவையுங்கள். வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பதிலாக அந்த வீடியோவையே அனுப்புங்கள்.